திருவிழாவுக்கு வீடு நிறையச் சொந்தம், அடுப்படியில் நான் மட்டும்

மதுரையில் செல்லூர்ப் பக்கம் எங்கள் வீடு. வைகை ஆறு நடக்கிற தூரம்தான். அதனால் சித்திரைத் திருவிழா என்றால் என் வீட்டுக்காரர் வழிச் சொந்தம் மொத்தமும் எங்கள் வீட்டில்தான் வந்து இறங்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம், நானும் அதைப் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன். கொரோனாவால் 2020இல் திருவிழாவையே ரத்து செய்து திருக்கல்யாணத்தை மட்டும் கோயிலுக்குள் நடத்தினார்கள், 2021இல் சனங்கள் இல்லாமலே திருவிழாவைக் கோயிலுக்குள் நடத்தி முடித்துவிட்டார்கள். 2022இல் மறுபடி எல்லாரும் போகலாம் என்றதும், விட்டுப்போன இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துச் சொந்தம் திரண்டு வந்தது. அந்த வருஷம் நான் பட்ட பாட்டை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. வீட்டுக்குள்ளேயே சொல்ல முடியாத விஷயம் இது, சொன்னால் "வந்தவங்களுக்குச் சோறு போட்டதைச் சொல்லிக் காட்டுறா" என்று பேராகிவிடும். ஆனால் இந்த வருஷமும் எத்தனையோ வீடுகளில் ஒருத்தி இதே நிலையில் அடுப்படியில் நிற்பாள் என்று தெரியும், அவளுக்காகத்தான் எழுதுகிறேன்.

அந்த வருஷம் நாட்கள் விழுந்த விதமே அப்படி. ஏப்ரல் 14 வியாழக்கிழமை தமிழ்ப் புத்தாண்டு, அன்றைக்கே மீனாட்சி திருக்கல்யாணம். வெள்ளிக்கிழமை தேரோட்டம், அதுவே புனித வெள்ளி விடுமுறையும்கூட. சனிக்கிழமை விடியலில் அழகர் ஆற்றில் இறங்குகிறார். மறுநாள் ஞாயிறு. இதைவிட வசதியாக லீவு அமையாது என்று புதன்கிழமையே வர ஆரம்பித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் போனில் ஒவ்வொருவரிடமும் "என்ன கேள்வி இது, நம்ம வீடுதானே, எல்லாரும் வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது அடுப்படிக்குக் கேட்டது. எத்தனை பேர், என்றைக்கு வருகிறார்கள், என்றைக்குக் கிளம்புகிறார்கள் என்று அவர் ஒருவரிடமும் கேட்கவில்லை. விருந்தாளியிடம் எப்போது போவீர்கள் என்று கேட்பது மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம். நாத்தனார் குடும்பம், கொழுந்தன் குடும்பம், சின்ன மாமனாரும் சின்ன மாமியாரும், அவர்கள் மகள் வீட்டுப் பிள்ளைகள், எங்கள் வீட்டு ஆட்கள் எல்லாம் சேர்த்து 14 பேர். கழிப்பறையும் குளியலறையும் ஒன்றே ஒன்று.

ஒரு நாள் வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் "சமையல்தானே" என்று சொல்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இல்லை. காலையில் நான்கு மணிக்கு முன்னால் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டுப் பால் அடுப்பில் ஏற்றினால், நாலரைக்கு என் மாமியாருக்கும் சின்ன மாமனாருக்கும் காபி. ஐந்தரைக்கு நாத்தனார் எழுந்திருப்பார், அவருக்கு டீ. ஆறரைக்குக் கொழுந்தன். ஏழரைக்குப் பிள்ளைகளுக்குப் பால், ஒருத்தனுக்குச் சர்க்கரை கூட, இன்னொருத்திக்கு ஆடை இருக்கக் கூடாது. ஒன்பது மணி வரைக்கும் அந்தப் பால் பாத்திரம் அடுப்பை விட்டு இறங்காது. ஆளுக்கு நாலு இட்லி என்றாலும் அறுபது இட்லி வேண்டும். ஒரு ஈட்டுக்குப் பதினாறு என்றால் நாலு ஈடு, ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம், நடுவில் சாம்பார், இரண்டு சட்னி. அது முடிந்து பாத்திரம் கழுவி நிமிர்ந்தால் மதியச் சமையலுக்கு நேரமாகியிருக்கும். அழகர் மலைக்குத் திரும்பும் வரை எங்கள் வீட்டில் கறி கிடையாது, அதனால் மூன்று வேளையும் காய்தான், அத்தனையும் நறுக்க வேண்டும். மதியம் ஆண்கள் ஒரு பந்தி, பிள்ளைகள் ஒரு பந்தி, பெரியவர்கள் ஒரு பந்தி. என் தட்டுக்குச் சோறு வரும்போது மூன்றரை ஆகிவிடும். ரசம் மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

ராத்திரிதான் மோசம். "ராத்திரிக்கு இலகுவா தோசை போதும்" என்று எல்லாரும் எனக்கு இரக்கப்பட்டுச் சொல்வார்கள். 14 பேருக்கு ஆளுக்கு மூன்று தோசை என்றால் நாற்பதுக்கு மேல். ஒரு கல்லில் ஒரு தோசைக்கு இரண்டு நிமிஷம் வைத்தாலும் ஒன்றரை மணி நேரம் நெருப்புக்கு முன்னால் நிற்க வேண்டும், அதுவும் சித்திரை மாதத்தில். அப்புறம் மறுநாளைக்கு மாவாட்ட வேண்டும். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டு ஆட்டினால் ஐம்பது அறுபது இட்லிக்குத்தான் வரும், ஆக ஒவ்வொரு ராத்திரியும் கிரைண்டர் ஓடியாக வேண்டும். இரண்டு நாளைக்குச் சேர்த்து ஆட்டவும் முடியாது, இந்த வெயிலுக்கு மாவு ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும், அதற்கு மேல் வெளியில் இருந்தால் புளிப்பு வாயில் வைக்க முடியாது. பிரிட்ஜில் வைக்கலாம் என்றால் அங்கே தண்ணீர் பாட்டிலும் பூவும் பால் பாக்கெட்டும் நிறைந்து கிடக்கும்.

இதில் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. நமக்கு ஆள் எப்போது அதிகம் தேவையோ அந்த நாட்களில்தான் எந்த உதவியும் கிடைக்காது. வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கும் அது திருவிழாதானே, அவர் வீட்டிலும் ஆட்கள் வந்திருப்பார்கள், அவர் லீவு. ஊருக்குள் வருகிற அழகரை எதிர்கொண்டு அழைக்கிற எதிர்சேவை அன்றைக்கும் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கும் கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கமெல்லாம் வண்டி போகாது, காய்க்கார அம்மா வரமாட்டார், தண்ணீர் லாரி வராது, சிலிண்டர் போடுகிறவர் வரமாட்டார். 2022இல் வெள்ளிக்கிழமை ராத்திரி கேஸ் தீர்ந்துவிட்டது. எதிர்வீட்டில் கடனாக ஒரு சிலிண்டர் வாங்கினோம், அதைத் தூக்கிவர என் வீட்டுக்காரர் இருந்தார், அந்த நாட்களில் அடுப்படிக்குள் அவர் கால் வைத்தது அப்போது ஒரு தடவைதான்.

சனிக்கிழமை விடியற்காலையைச் சொல்ல வேண்டும். இரண்டரை மணிக்கே எல்லாரும் எழுந்து குளித்துக் கிளம்பினார்கள். ஆற்றில் கூட்டத்தில் பிள்ளைகள் பசி தாங்காது என்று எலுமிச்சைச் சாதமும் தயிர்ச்சாதமும் கட்டிக் கொடுத்தேன். "நீயும் வாத்தா" என்று என் மாமியார் கேட்டார், ஆனால் திரும்பி வந்ததும் எல்லாரும் சாப்பிட உட்காருவார்களே, அதற்கு யார் இருக்கிறார்கள் என்று அவரும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. நான் இருந்துவிட்டேன். சர்க்கரைக் கிண்ணத்தில் சூடம் ஏற்றிக் காட்டக் கல்யாணமான வருஷத்திலிருந்து தவறாமல் போனவள் நான். பொங்கலுக்கு மிளகு தாளித்துக்கொண்டிருந்தபோது வேட்டுச் சத்தமும் "கோவிந்தா" சத்தமும் ஜன்னல் வழியாக வந்தது. திரும்பி வந்த நாத்தனார் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இந்தா பாரு, பச்சைப் பட்டு, நீ பார்க்கலையே" என்று வீடியோ காட்டினார். அன்பாகத்தான் காட்டினார். என் கையெல்லாம் நெய், கரண்டியைக் கீழே வைக்கவும் முடியவில்லை, ஆட்டமாக இருந்த அந்த வீடியோவில் குதிரையின் தலை மட்டும்தான் தெரிந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "நல்லா இருக்கு மதினி" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

அன்றைக்கு முழுக்க எனக்குள் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். வந்திருந்த யாருடைய முகத்தையும் எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. "பெரியம்மா, இன்னொரு தோசை" என்று கேட்ட ஆறு வயசுப் பிள்ளை மேல்கூட எரிச்சல் வந்தது. பாத்திரத்தைச் சத்தமாக வைத்தேன். என்ன என்று கேட்டவர்களிடம் ஒன்றுமில்லை என்றேன். அதிலும் கொழுந்தன் மனைவி மேல்தான் எனக்கு அத்தனை ஆத்திரமும். அவள் ஹாலில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள், அது கண்ணில் படும்போதெல்லாம் உள்ளுக்குள் குமுறினேன். அதே ஹாலில் பாய் போட்டுப் படுத்திருந்த ஐந்து ஆண்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, அவர்கள் என் கணக்கிலேயே இல்லை. இதைப் பல மாதம் கழித்து யோசித்தபோதுதான் புரிந்தது. இந்த மனத்தாங்கல் எப்போதும் பக்கத்தில் இருக்கிற இன்னொரு பெண் மேல்தான் போய் விழும். போனில் எல்லாரையும் வரச் சொன்ன ஆளை விட்டுவிட்டு, இரண்டு கைக்குழந்தைகளோடு பஸ்ஸில் வந்தவளைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம். உங்களுக்கும் அப்படித் தோன்றினால், வீட்டில் சும்மா இருக்கிற எல்லாரையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள், ஆண் பெண் என்று பிரிக்காமல்.

இனிமேல் சொல்வது உடம்பு பற்றியது, தயவுசெய்து இதை மட்டுமாவது கவனியுங்கள். ஒரே கழிப்பறை, அதற்கு முன்னால் எப்போதும் யாராவது நிற்பார்கள், அடுப்பில் எப்போதும் ஏதாவது இருக்கும். அதனால் நான் போவதைத் தள்ளிப்போட்டேன், போக வேண்டாமே என்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டேன். நின்றுகொண்டே வேலை பார்க்கிற நிறையப் பெண்கள் இப்படித்தான் செய்கிறார்கள். ஏப்ரல் வெயில், அடுப்புச் சூடு, உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் வேர்வையாகப் போய்விட்டது. வெள்ளிக்கிழமையே சிறுநீர் போகும்போது எரிந்தது, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி வருகிற மாதிரி இருந்தது, சூடு பிடித்துக்கொண்டது என்று இளநீர் குடித்தேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இடுப்புக்கு மேலே முதுகில் ஒரு பக்கம் பிடித்து இழுத்தது, அப்புறம் பல் கிட்டிப்போகிற அளவுக்குக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல். திங்கட்கிழமை காலை கிளினிக்கில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிறுநீர் போகிறீர்கள் என்பதுதான். நான் இரண்டு தடவை என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சிறுநீர்த் தொற்று, கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கிறது என்றார். கல்சர் டெஸ்ட் எடுக்கக் கொடுத்து, இரண்டு நாள் ஊசியும் டிரிப்ஸும் போட்டு, அப்புறம் மாத்திரை. எரிச்சல் மட்டும் இருக்கும்போதே வந்திருந்தால் மாத்திரையோடு முடிந்திருக்குமாம். எரிச்சல், அடிவயிற்று வலி, அடிக்கடி போகத் தோன்றுவது இதெல்லாம் ஆரம்பம். காய்ச்சல், நடுக்கம், முதுகு வலி, வாந்தி சேர்ந்துவிட்டால் வீட்டு வைத்தியத்துக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். மருந்துக் கடையில் நாமாகக் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடுவதும் கூடாது, டாக்டர் கொடுத்ததை இரண்டு வேளை போட்டுவிட்டு நிறுத்துவதும் கூடாது. இப்போதெல்லாம் கூட்டம் இருக்கும்போது ஒரு லிட்டர் பாட்டிலில் எனக்கென்று தண்ணீர் நிரப்பி அடுப்படி ஜன்னலில் வைத்துக்கொள்கிறேன், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, ராத்திரிக்குள் இன்னும் இரண்டு காலியாக வேண்டும். கழிப்பறை வாசலில் யார் நின்றாலும் "நான் போயிட்டு வந்திர்றேன்" என்று முந்திக்கொள்கிறேன்.

காசு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மளிகை, காய், பால், பூ, பிள்ளைகளுக்குத் திருவிழாக் கடையில் வாங்கிக் கொடுத்தது எல்லாமாக 19 ஆயிரம் தாண்டிவிட்டது, என் வீட்டுக்காரர் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறவர். ஜூனில் மகளின் பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வைத்திருந்த சீட்டுப் பணம்தான் அதற்குப் போனது. டாக்டர், டெஸ்ட், மருந்து எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம். நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன், சித்திரை வைகாசி முகூர்த்தம்தான் எனக்கு வருமானக் காலம், லைனிங் ஜாக்கெட் ஒன்றுக்கு 350 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தேன். மிஷின் இருக்கிற அறையைத்தான் விருந்தாளிகள் படுக்கக் கொடுத்தோம், மிஷின் மேல் பைகளும் ஈரத் துண்டும் கிடந்தன. அப்புறம் காய்ச்சலில் படுத்துவிட்டேன். ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் கொடுத்திருந்த துணியை அப்படியே திருப்பிக் கொடுத்து அட்வான்ஸையும் கொடுத்தேன். அந்தக் குடும்பம் அப்புறம் என்னிடம் வரவே இல்லை. வருமானத்தில் ஆறாயிரம் போனது என்று வைத்தாலும், எல்லாம் சேர்ந்து முப்பதாயிரத்தை ஒட்டி வருகிறது. சாப்பாட்டுச் செலவு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. மிஷின் நின்ற செலவு யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

காய்ச்சலில் படுத்திருந்தபோதுதான் நாள்காட்டியில் கிழித்துப் போட்ட தாள்களின் பின்பக்கத்தில், அன்றன்றைக்கு எந்த மணிக்கு என்ன வேலை பார்த்தேன் என்று ஞாபகத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். சண்டை போட எழுதவில்லை, எனக்கு அழுகை நிற்கவில்லை, அதனால் எழுதினேன். அதை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். "ஏன் சொல்லலை" என்றுதான் முதலில் கேட்டார். நான் பதில் பேசவில்லை. இரண்டாவது தாளைப் படிக்கும்போது அவருக்கே தெரிந்துவிட்டது, அந்தத் தாளில் எங்கேயும் அவர் பெயர் இல்லை, சிலிண்டர் தூக்கிய இடத்தைத் தவிர. "நான் ரொம்பக் கஷ்டப்பட்டேன்" என்று எத்தனை தடவை சொன்னாலும் எல்லாரும் கஷ்டப்பட்டதாகத்தான் காதில் விழும். மணியும் வேலையுமாக எழுதிக் காட்டினால் மறுக்க முடியாது. உங்கள் வீட்டிலும் பேச்சைத் தொடங்க வழி தெரியாவிட்டால் இப்படித் தொடங்குங்கள், ஆனால் திருவிழா நடக்கும்போது வேண்டாம், ஆட்கள் போய் ஒரு வாரம் கழித்து.

2023இல் திருக்கல்யாணம் மே 2, அழகர் ஆற்றில் இறங்கியது மே 5. அதற்கு மூன்று வாரம் முன்னாலேயே நாங்கள் உட்கார்ந்து பேசினோம். முதல் ஏற்பாடு, போன் பண்ணுவது என் வீட்டுக்காரர்தான், நான் இல்லை. மருமகள் சொன்னால் குத்தம், மகன் சொன்னால் ஏற்பாடு, இது நியாயமில்லைதான், ஆனால் நடப்பு இதுதான். "என்னைக்கு வர்றீங்க, என்னைக்குக் கிளம்புறீங்க, அதுக்குத் தகுந்த மாதிரி பாயும் தண்ணியும் ஏற்பாடு பண்ணணும்" என்று கேட்டார். தண்ணீரைச் சொல்லிக் கேட்டதால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, மதுரைத் தண்ணீர்க் கஷ்டம் எல்லாருக்கும் தெரியும். செலவுக்கு ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று பொதுவில் போடலாமா என்பதையும் அவரே கேட்டார். சின்ன மாமனார் உடனே சரி என்றார். நாத்தனாருக்குத்தான் மனசு சரியில்லை, பிறந்த வீட்டுக்கு வர என்னிடமே காசா என்று கேட்டுவிட்டு அந்த வருஷம் வரவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை, எங்களுக்கும் அது வருத்தம்தான், என் மாமியார் ஒரு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. 2024இல் அவர் வந்தார், காசாகத் தராமல் அரிசி மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினார். பிறந்த வீடு என்கிற உரிமை இருக்கிற பெண்களிடம் பணமாகக் கேட்காமல் பொருளாகக் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்தது வேலையைப் பிரிப்பது. "ஏதாவது உதவி பண்ணவா" என்று வாசலில் நின்று கேட்பார்கள், நம் வாய் தானாக "வேண்டாம், நீங்க உட்காருங்க" என்று சொல்லிவிடும், அப்படித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். அவர்களும் கேட்டாயிற்று என்று போய்விடுவார்கள். அப்படியே உள்ளே வந்தாலும், உப்பு எங்கே, எந்தக் கரண்டி, எவ்வளவு போட என்று கேட்டு இன்னொரு வேலையாகிவிடும். அதனால் வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்காதீர்கள், முழுசாக ஒரு ஆளிடம் ஒப்படைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் காலைக் காபி சின்ன மாமனார் பொறுப்பு என்று முன்னாலேயே சொல்லிவிட்டோம். ராத்திரியே பெரிய பில்டரில் டிகாஷன் இறங்கிவிடும். விடியலில் எழுந்ததும் அவரே பாலைக் காய்ச்சி, இரண்டு லிட்டர் பிளாஸ்க்கைக் கொதிநீரால் அலசிவிட்டு அதில் ஊற்றி வைத்துவிடுவார். பக்கத்தில் சர்க்கரை டப்பா, டம்ளர். எழுந்திருக்கிறவர்கள் தாங்களே கலந்துகொள்ள வேண்டும். பிளாஸ்க்கில் பால் நாலு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, சூடு குறைந்தால் திரிந்துவிடும், எட்டரைக்குக் காலி பண்ணிக் கழுவி வைப்பதும் அவர் பொறுப்புதான். இந்த ஒன்றே எனக்குக் காலையில் நாலு மணி நேரத்தை மீட்டுக் கொடுத்தது. தட்டை அவரவர் கழுவி வைப்பது, பெரிய பாத்திரம் கொழுந்தன், மாடியில் பாய் விரிப்பதும் சுருட்டுவதும் பெரிய பிள்ளைகள். கொழுந்தன் கழுவிய குக்கரில் முதல் நாள் பருப்பு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. நான் எடுத்துத் திரும்பக் கழுவவில்லை, அவரிடமே காட்டினேன். அங்கேதான் பெரும்பாலான வீடுகளில் இது தோற்கிறது, சரியாக இல்லையே என்று நாமே எடுத்துச் செய்துவிட்டால் மறுநாள் அந்த வேலை நம்மிடமே திரும்பிவிடும்.

சமையலைப் பொறுத்தவரை ஒரே ஒரு விதி வைத்தேன். கல்லில் ஒவ்வொன்றாகச் சுட்டு எடுக்க வேண்டிய எதுவும் கூட்டம் இருக்கும் வரை கிடையாது. தோசை, சப்பாத்தி, அடை எல்லாம் நிறுத்தம். ராத்திரிக்கு ரவைக் கிச்சடி, அரிசி உப்புமா, இல்லாவிட்டால் கடையில் சொல்லி வைத்து வாங்குகிற இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். இட்லி மாவைத் தெருவில் மாவு விற்கிற அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி விலைக்கு வாங்கினேன். மதியம் ஒரு குழம்பு, ஒரு பொரியல், ரசம், மோர், அவ்வளவுதான், ஒரு கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்று கணக்கு வைத்தால் மிஞ்சாது, பற்றாமலும் போகாது. திருவிழாவே சாப்பாடு போடுவதையும் மறந்துவிடாதீர்கள். திருக்கல்யாணத்தன்றைக்குச் சேதுபதி பள்ளிக்கூடத்தில் கல்யாண விருந்து நடக்கும், மொய் எழுதிவிட்டுச் சாப்பிடலாம், ஊர்க்காரர்களுக்கு அது மீனாட்சி கல்யாணச் சாப்பாடு, அதைவிட நல்ல சாப்பாட்டை நான் வீட்டில் போட முடியாது. அழகர் வருகிற வழியெல்லாம் புளியோதரை, சுண்டல், பானகம், நீர்மோர் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஆற்றில் இறங்குகிற அன்றைக்குக் காலையில் வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை, நானும் எல்லாரோடும் கிளம்பினேன். சின்னப் பிள்ளைகளையும் வயசானவர்களையும் மட்டும் ஆற்றுக்குள் கூட்டிப் போகாதீர்கள், 2022இல் அந்த நெரிசலில் உயிர் போனது எல்லாருக்கும் நினைவிருக்கும், கரையிலோ பின்னால் மண்டகப்படி ஏதாவது ஒன்றிலோ நின்று பார்ப்பது நல்லது.

பாத்திரம் துலக்கவும் காய் நறுக்கவும் ஒரு ஆளைப் பொதுப் பணத்திலிருந்து வைத்தோம், நாளுக்கு 700 ரூபாயும் இரண்டு வேளைச் சாப்பாடும். வழக்கமாக வருகிற அக்காவைக் கேட்காதீர்கள், அவருக்கும் திருவிழா வேண்டும். எங்களுக்குக் கிடைத்தவர் தன் வீட்டில் துக்கம் நடந்ததால் அந்த வருஷம் திருவிழாவுக்குப் போகாதவர், பங்குனி மாதமே சொல்லி வைத்ததால் கிடைத்தார். இரண்டாவது சிலிண்டர், மளிகை, கெட்டுப்போகாத காய் எல்லாம் கொடியேற்றத்துக்கு முன்னாலேயே வந்துவிட வேண்டும், எதிர்சேவை வரை தள்ளினால் தெருவுக்குள் ஒன்றும் வராது. தையல் மிஷின் அறையைப் பூட்டிவிட்டேன். அது சங்கடமாகத்தான் இருந்தது, சாவி எங்கே என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள், "அதுல கஸ்டமர் துணி இருக்கு, ஒன்னு தொலைஞ்சா நான்தான் கட்டணும்" என்றேன். மாடியில் பந்தல் போட்டுப் படுக்க வைத்தோம், சித்திரையில் அதுதான் காற்றோட்டமாகவும் இருந்தது.

இவ்வளவு செய்தும் எனக்குக் களைப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். கால் வீங்கத்தான் செய்தது, ஒரு ராத்திரி என் வீட்டுக்காரரிடம் கத்தவும் செய்தேன். என் மாமியாருக்கு இந்த ஏற்பாடு இன்றுவரை முழுசாகப் பிடிக்கவில்லை, விருந்தாளி தட்டுக் கழுவுவதை அவரால் பார்க்க முடியவில்லை, எழுந்து உள்ளே போய்விடுகிறார். அவரிடம் நான் வாதாடுவதில்லை, அவர் காலத்தில் அவர் இதைவிடப் பெரிய கூட்டத்துக்கு விறகடுப்பில் சமைத்தவர், அவரையும் அப்போது யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஆனால் பாத்திரத்தைச் சத்தமாக வைக்கிற அந்தக் கோபம் எனக்கு இப்போது வருவதில்லை, கொழுந்தன் மனைவியும் நானும் மாடியில் உட்கார்ந்து ராத்திரி ஒரு மணி வரை பேசுகிறோம், அவளுக்கும் அவள் பிறந்த வீட்டில் இதே கதைதான்.

இன்னும் ஒன்று, எல்லாரும் கிளம்பியதற்கு மறுநாளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பூப்பல்லக்கு முடிந்து கடைசி ஆள் பஸ் ஏறிய பிறகுதான் போர்வை, தலையணை உறை, மாடிப் பாய், பிரிட்ஜ் எல்லாம் இருக்கும். துணியை ஒரே நாளில் துவைக்க வேண்டாம், போர்வைகளைச் சலவைக்குப் போட ஆகும் காசையும் பொதுப் பணத்திலேயே எடுத்து வையுங்கள். அன்றைக்கு மதியச் சாப்பாடு வெளியில் வாங்க வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். என்னைப்போல வீட்டில் தொழில் பார்க்கிறவர்கள் அந்த நாளிலும் அதற்கு மறுநாளிலும் எந்த ஆர்டருக்கும் தேதி கொடுக்க வேண்டாம், நான் வாடிக்கையாளர்களிடம் திருவிழா முடிந்து மூன்றாம் நாள்தான் துணி வாங்குவேன் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.